கூடை இல்லாத விண்ணப்பம்

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி என் நண்பன் இருந்தான். காஜா பேராங்கில் செட்டிகள் வாழும் பகுதி எங்கள் வாடகை வீடு முடிகிற இடத்தில் தொடங்குகிறது. அவன் செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி. நெற்றியில் திருநீறு பூசுவான், பொங்கலுக்குப் படைப்பான், கோயில் திருவிழாவில் காவடிக்கு முன்னால் நடப்பான். ஆனால் தமிழ் பேச வராது. வீட்டில் அவர்கள் பேசியது ஒருவகை மலாய். எங்களுடையது ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பம். அப்பா நகராட்சியில் சாலை போடும் வேலை. நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். இங்கே அவன் பேச்சைத் தமிழில்தான் எழுத முடிகிறது. அவன் 'குவா' என்று தன்னையும் 'லு' என்று என்னையும் சொல்வதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். அவன் குரல் அந்த இரண்டு சொல்லில்தான் எனக்கு இன்னும் கேட்கிறது.

மெர்டேக்கா என்று மலாயில் சொல்லும் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் இருவரும் பள்ளியை முடித்தோம். எனக்கு சீனியர் கேம்பிரிட்ஜில் இரண்டாம் தரம். அவனுக்கு மூன்றாம் தரம். நாடு நம்முடையதாகிவிட்டது, வெள்ளைக்காரன் கிளம்பக் கிளம்ப நாற்காலிகள் காலியாகும் என்று எல்லாரும் சொன்னார்கள். நாற்காலிகள் காலியானது உண்மைதான். ஒவ்வொரு நாற்காலிக்கும் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. நான் ஐந்து மாதம் சும்மா இருந்தேன்.

சும்மா இருந்த அந்த மாதங்களில் எனக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. கடிதம் எழுதித் தருகிறவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு ஆங்கிலக் கடித வழிகாட்டியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். மின்சாரம் கேட்டு மனு, பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த மனு, வேலை விண்ணப்பம். தெருவில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். பணம் வாங்கியதில்லை. 'தம்பி இங்கிலீஷ் துரைமாரு மாதிரி எழுதுது' என்று பெரியவர்கள் அப்பாவிடம் சொல்வார்கள். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நண்பன் ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றிலிருந்து கிழித்த துண்டைக் கொண்டுவந்தான். உள்ளூர் பஸ் கம்பெனி ஒன்று ஒரு கவுண்டர் கிளார்க் தேடியது. பயணிகளுக்கு டிக்கெட் தரவும் விவரம் சொல்லவும் ஆள் வேண்டும். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியிருக்க வேண்டும். அனுபவம் அவசியமில்லை. விண்ணப்பம் சொந்தக் கையெழுத்தில், சான்றிதழ் நகல்களுடன், சனிக்கிழமை நண்பகலுக்குள் வந்து சேர வேண்டும்.

"லு எழுதிக் குடு. குவா பாத்து எழுதிடறேன்" என்றான். "லுவும் போடு. ஒருத்தனுக்குக் கெடச்சாக்கூட நல்லதுதானே?"

கோப்பிக் கடையில் பளிங்கு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"ஒன்னப் பத்திச் சொல்லு."

"என்ன சொல்றது? லுவுக்குத் தெரியாததா?"

"தெரியாதவன்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு. நான் எழுதிக்கறேன்."

அவன் சிரித்தான். கோப்பியைத் தட்டில் ஊற்றி ஒரு மடக்குக் குடித்தான். பிறகு சொல்லத் தொடங்கினான். அந்தப் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஏனென்றால் அதை நான் பிறகு பல தடவை பயன்படுத்தியிருக்கிறேன்.

"குவா பள்ளிக்கூடம் முடிச்சிட்டு வீட்ல சும்மா குந்திருக்கேன். மூணாம் கிரேடுதான் லா. கணக்கு ஏதோ தப்பிச்சிட்டேன். இங்கிலீஷ் எழுத வரும், யாராவது மொறச்சுப் பாத்தா பேச வராது. பந்து வெளையாடினேன், கோல் கீப்பர். வாத்தியாரு புத்தக அலமாரிச் சாவிய குவாகிட்டதான் குடுப்பாரு, ஏன்னு தெரியல. காலைல மாக்கோட கூடையத் தூக்கிட்டு பஸ் ஸ்டேண்டுக்குப் போவேன். மாக் நாசி லெமாக் விக்கும், குவா பத்து மணி வரைக்கும் நிப்பேன். சனங்க வந்து இது எங்க போற பஸ், அது எத்தன மணிக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். டிக்கெட் கூண்டுல கேட்டா அந்த ஆளு கத்துவான், அதனால எல்லாம் குவாகிட்ட வரும். மலாய்க்காரன் கேட்டா மலாய், சீனக் கெழவி கேட்டா ஹொக்கியன். ஒரு தடவை ஒரு கெழவி மூவார்ல மகளுக்குப் பிரசவம்னு வந்துட்டு தம்பின் ஊருக்குப் போற பஸ்ல ஏறிக் குந்திடுச்சு. பஸ் கெளம்பிடுச்சு. குவா பின்னாலயே ஓடி, கதவத் தட்டி எறக்கி, மூவார் பஸ்ல ஏத்திவுட்டேன். அது அடுத்த வாரம் வந்து மாக்குக்கு முட்டை குடுத்துச்சு." அவன் மிச்சக் கோப்பியைக் குடித்து முடித்தான். "அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

மாக் என்றால் அம்மா; நாசி லெமாக், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு. நான் எழுதத் தொடங்கினேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். பேச்சில் சிதறிக் கிடப்பதை எடுத்து, துடைத்து, வரிசையில் வைப்பது. முதல் வரியில் எந்த நாளிதழில் எந்தத் தேதியில் வந்த விளம்பரம், என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும், படிக்கிறவர் தேடக்கூடாது. 'வீட்டில் சும்மா இருக்கிறேன்' என்பது 'பள்ளிப்படிப்பை முடித்துவிட்டேன். அழைத்த நாளில் பணியில் சேர இயலும்' என்று ஆயிற்று. மூன்றாம் தரம் என்பதை மறைக்கவில்லை. நகல் இணைக்கும்போது மறைத்துப் பயனில்லை. ஆனால் 'தான் லா'வை எடுத்துவிட்டேன். கோல் கீப்பர் 'பள்ளி அணியில் இரண்டு ஆண்டுகள் ஆடியவன்' ஆனான். அலமாரிச் சாவி 'வகுப்பு நூலகத்தின் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது' என்று மாறியது. முறைத்துப் பார்த்தால் பேச வராது என்பதை விட்டேன். தன் குறையைத் தானே எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம் உலகத்தில் இல்லை. கடைசியில் தலைமையாசிரியரின் நற்சான்று, சான்றிதழ் நகல் இணைத்திருக்கும் விவரம், தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்ற முடிப்பு.

அவன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "பஸ் ஸ்டேண்டு எங்க?" என்று கேட்டான்.

"அது வேணாம்."

"ஏன்?"

"கூடை தூக்கினேன், நாசி லெமாக் வித்தேன்னு எழுதுவியா? ஆபீஸ் வேலைக்குப் போடற. கூடைக்காரன்னு நெனச்சு ஓரத்துல போட்டுடுவாங்க. மலு இல்லையா?"

மலு என்றால் வெட்கம். அவன் முகத்தில் ஒரு நொடி ஏதோ போய் வந்தது. தன் அம்மாவின் கூடையைப் பற்றி அதுவரை அவன் அப்படி நினைத்ததில்லை என்று நினைக்கிறேன். நான் சொன்ன பிறகு நினைத்துவிட்டான்.

"ஹொக்கியன்?"

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. பேசுவேன்."

"அப்போ போட முடியாது. பேச்சு மட்டும் தெரிஞ்சா மொழி தெரியும்னு எழுதக்கூடாது. அது பஜார் பேச்சு."

வழிகாட்டியில் அப்படி எதுவும் இல்லை. நானே உண்டாக்கிய விதி. ஆனால் அந்த நிமிடத்தில் நான் அதை நம்பித்தான் சொன்னேன். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்ததற்கு இந்த நம்பிக்கை ஒரு சாக்காக எனக்குப் பல வருடம் பயன்பட்டது. விண்ணப்பம் என்றால் அதில் கோட்டுப் போட்ட ஒரு ஆள் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். என் அப்பா தார் ஊற்றுகிறவர் என்று நானும் எதிலும் எழுதியதில்லை.

அவன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைத் தன் கையெழுத்தில் எழுதினான். ஒரு தாளில் மை கொட்டிவிட்டது என்று மறுபடி எழுதினான். வெள்ளிக்கிழமை மதியம் உறையை ஒட்டி என்னிடம் கொடுத்தான். தபாலில் போட்டால் நேரத்துக்குப் போகுமோ என்னவோ, சனிக்கிழமை காலை நான் கம்பெனி அலுவலகம் இருந்த பண்டார் ஹிலிர் பக்கம் போவதாக இருந்தேன். இரண்டையும் நேரில் கொடுத்துவிடுகிறேன் என்று நானே சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் என்னுடையதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி, படிப்பு, நற்சான்று, கீழ்ப்படிதலுள்ள ஊழியன். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்தேன். அவனுடைய கடிதம் மாதிரியே இருந்தது. எவனுடைய கடிதம் மாதிரியும் இருந்தது. முகவரியைச் சரிபார்க்க விளம்பரத் துண்டை எடுத்தேன். அதன் கடைசி வரியை நான் அதுவரை கவனித்துப் படிக்கவில்லை. மடிப்பில் இருந்தது. பொதுமக்களுடன் பொறுமையாகப் பழகத் தெரிந்தவராகவும், உள்ளூர் மொழிகளில் பேசக் கூடியவராகவும் இருப்பவருக்கு முன்னுரிமை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எழுதப் படிக்க அல்ல, பேச. அவர்கள் கேட்டது கூடைக்குப் பக்கத்தில் காலை பத்து மணி வரை நிற்கிற ஒருவனை. கத்துகிற டிக்கெட்காரனுக்குப் பதிலாக அவர்கள் தேடியதே அவனைத்தான். அவனை நான் கடிதத்திலிருந்து துடைத்து எடுத்திருந்தேன்.

அவன் உறை என் மேசையில் இருந்தது. அவன் வீடு நான்கு வீடு தள்ளி இருந்தது. வெளிச்சம் போகவில்லை. அவன் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுப் பெடலைச் சுற்றும் சத்தம்கூட வந்துகொண்டிருந்தது. 'ஒரு பத்தி சேர்க்கணும், திரும்ப எழுது' என்று சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அது உண்மை. வாசல் வரை போனேன். அம்மா, "எங்க போறே, சோறு ஆயிடுச்சு" என்றாள். "எங்கயும் இல்ல" என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

புதுத் தாள் எடுத்து எழுதினேன். 'பள்ளி நாட்களிலிருந்து காலை வேளைகளில் பஸ் நிலையத்தில் உள்ள ஒரு உணவுக் கடையில் உதவி வருகிறேன். அங்கு பயணிகளுக்கு வழித்தடங்களையும் நேரங்களையும் மலாய், தமிழ், ஹொக்கியன் மொழிகளில் விளக்கிப் பழக்கம் உண்டு. தவறான பஸ்ஸில் ஏறிய ஒரு முதியவரை உரிய பஸ்ஸில் ஏற்றிவிட்ட சம்பவத்தை நேரில் கூறத் தயார்.' கூடை, கடை ஆயிற்று. இப்போது வெட்கமாகத் தெரியவில்லை. எழுதியது நன்றாக இருந்தது. என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல விண்ணப்பம் அதுதான்.

மறுநாள் காலை இரண்டு உறைகளையும் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து எனக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. ஒளிக்க முடியாது; தபால்காரர் ஒருவர்தான், தெரு ஒன்றுதான். நான் கடிதத்தைக் காட்டினேன். அவன் அதை வாங்கி, கம்பெனிப் பெயர் அச்சிட்ட தாளைத் தடவிப் பார்த்தான்.

"லுவுக்கு ரெண்டாம் கிரேடு" என்றான். "அதான். குவாவோடத மூணுன்னு பாத்ததும் போட்டிருப்பான்." பிறகு என் தோளில் அடித்தான். "ஒருத்தனுக்குக் கெடச்சா போதும்னு சொன்னேன்ல? லு போ."

"ஹொக்கியன் கேட்டா என்னா பண்றது?" என்று நான் கேட்டேன். அதை எப்படிக் கேட்டேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"குவா சொல்லித் தரேன். அது ஒண்ணும் கஷ்டம் இல்ல."

நேர்முகத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் காலையில் அவனோடு பஸ் நிலையத்துக்குப் போனேன். அவன் ஒரு கையில் கூடை. இன்னொரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்வேன். அவன் அம்மா முக்காலியில் உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலங்களை அடுக்குவார். எனக்கு ஒன்று பிரித்துக் கொடுத்து, "சாப்பிட்டுட்டுப் பேசு" என்பார். அவன் பக்கத்தில் நின்று பாடம் நடத்துவான். 'பெ கீ தோ லோ?' எங்கே போகணும்? இந்த வண்டி இல்லை, அந்த வண்டி. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருங்கள். நான் தப்பாகச் சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பான். சீனக் கிழவிகள் வரும்போது என்னை முன்னால் தள்ளிவிடுவான். நான் திணறினால் பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுப்பான். ஜாசின் பஸ் எத்தனை மணிக்கு, தம்பின் பஸ் எந்த இடத்தில் நிற்கும், மழை நாளில் எது தாமதமாகும் என்று எல்லாம் ஆறு நாளில் எனக்கு ஊட்டிவிட்டான். வேறு யாராவது பார்த்திருந்தால், அந்த வேலைக்கு எவனைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று அங்கேயே முடிவு செய்திருப்பார்கள்.

மேலாளர் ஒல்லியான சீனர். என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிய அந்தப் பத்திக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு இருந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் அடையாளம் தெரிந்தது.

"எந்தக் கடை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மரத்தடியில் நாசி லெமாக் விற்கிறவர், ஐயா. என் அத்தை."

"பார்த்திருக்கிறேன். சுத்தமான அம்மாள்." பிறகு திடீரென்று ஹொக்கியனில் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் என் ஆறு நாள் பாடத்தில் இருந்தவை. பதில் சொன்னேன். அவர் உச்சரிப்புக்குச் சிரித்தார், ஆனால் தலையசைத்தார். கிழவி கதையைக் கேட்டார். ஓடியதையும், கதவைத் தட்டியதையும், முட்டை வந்ததையும் சொன்னேன். மூச்சு வாங்கியதைக்கூட நானாகச் சேர்த்தேன்.

"நாற்பது கடிதம் வந்தது" என்றார் எழுந்திருக்கும்போது. "எல்லாம் ஒரே கடிதம். உன்னுடையதில் மட்டும்தான் ஒரு ஆள் இருந்தான்."

அடுத்த மாதம் முதல் தேதி கவுண்டரில் உட்கார்ந்தேன். அப்பா ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார். நண்பன் முதல் நாள் வந்து கூண்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனான். எனக்கு மொழி தடுமாறும்போதெல்லாம் அவன் மரத்தடியிலிருந்து வந்து சொல்லிக் கொடுப்பான். இப்படி ஏழெட்டு வாரம் போயிற்று.

ஒரு காலை மேலாளர் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். மரத்தடியில் நின்று இரண்டு பொட்டலம் வாங்கினார். நான் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவர் என் பக்கம் கையைக் காட்டினார். அவன் அம்மா சிரித்தபடி தலையை ஆட்டி, பிறகு ஆட்டுவதை நிறுத்தி, தன் மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கையில் வாழையிலை வைத்திருந்தான். அதைக் கீழே வைத்தான்.

மேலாளர் போன பிறகு அவன் வந்தான். கூண்டுக்குப் பக்கத்துக் கதவு வழியாக வரவில்லை. வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் ஐந்தாறு பேர். ஒவ்வொருவருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். ஒரு சீனக் கிழவர் ஏதோ கேட்டார்; எனக்குப் புரியவில்லை. அவன் வாய் திறக்கவில்லை. கிழவர் கோபமாகப் போய்விட்டார்.

அவன் முறை வந்தது.

"மாக் லுவுக்கு அத்தையா?"

"வெளியே நில்லு. மத்தியானம் வரேன்."

"பள்ளிக்கூட நாள்லேருந்து பஸ் ஸ்டேண்டுல நின்ன பிள்ளைக்கு வேலை குடுத்தேன்னு துரை மாக்குகிட்ட சொல்றாரு. குவாவ எழுதவுடாம, லு எழுதிக்கிட்டியா?"

பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். "மத்தியானம்" என்றேன் மறுபடியும். அவன் போனான்.

மத்தியானம் ஆற்றோரத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் நிழலில் நின்றோம். அவன் கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கணக்குக் கேள்வி புரியாத பையன் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"குவாவுக்கு ஒண்ணுதான் தெரியணும். கூடை வேணாம், மலுன்னு சொன்னியே. அப்பவே லு எடுத்துக்கணும்னுதான் சொன்னியா?"

"இல்ல. சத்தியமா இல்ல. அப்போ எனக்கே தெரியாது. கூடை எழுதுனா சிரிப்பாங்கன்னுதான் நெனச்சேன்."

இதுவரை நான் சொன்னது உண்மை.

"அப்புறம் எப்போ தெரிஞ்சுது?"

ஆற்றில் தொங்காங் என்னும் சரக்குப் படகு ஒன்று கரை ஒதுங்கிக்கொண்டிருந்தது. கூலிகள் கயிறு எறிந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒன் கடுதாசியக் குடுத்துட்டேன். திரும்பி வந்து என்னோடத எழுதறப்பதான் விளம்பரத்துல கடைசி வரியப் பாத்தேன். அதுக்குள்ள ஒன்னோடது போயிடுச்சு. ஒண்ணும் பண்ண முடியல. மணி பதினொண்ணு. அவசரத்துல..."

அவன் என்னைப் பார்த்தான். நான் பார்வையை எடுக்கவில்லை. பொய் சொல்லும்போது கண்ணைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது.

"குவாவோடது முன்னாடியே போயிடுச்சா?"

"ஆமா."

அவன் பெருமூச்சு விட்டான். நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்லப் போயிற்று. அது போவதை நான் நின்று பார்த்தேன்.

"அப்போ அது நசீப் லா" என்றான். நசீப் என்றால் விதி. "லு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா குவா வேணாம்னா சொல்லுவேன்? எடுத்துக்கோன்னுதான் சொல்லியிருப்பேன்." பிறகு, "மாக்குகிட்ட குவா பேசிக்கிறேன்" என்றான்.

அவன் என்ன பேசினானோ, அவன் அம்மா ஏற்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, திட்டியதில்லை. நான் மரத்தடிக்குப் போனால் மற்றவர்களுக்குப் போலவே பொட்டலத்தை நீட்டுவார், காசை வாங்கிக்கொள்வார். 'சாப்பிட்டுட்டுப் பேசு' என்று அதன் பிறகு சொன்னதில்லை. மகனுக்கு எட்டாத ஏதோ ஒன்று அவருக்கு எட்டியிருந்தது.

நான் பரிகாரம் தேடினேன். அவனுக்காக மறுபடியும் கடிதம் எழுதினேன். இந்த முறை கூடை, மரத்தடி, கிழவி, ஹொக்கியன், மழை நாள் பஸ் எல்லாவற்றையும் போட்டேன். ஒரு சரக்குக் கம்பெனிக்கு, ஒரு சோப்புக் கம்பெனிக்கு, கிளேபாங் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலைக்கு. எவனுக்கு வேண்டும்? எண்ணெய் ஆலைக்கு எதற்குப் பஸ் நேரம் தெரிந்தவன்? அந்தப் பத்தி ஒரே ஒரு கடிதத்தில்தான் பொருந்தியது. அது போய்விட்டது. இரண்டு இடத்திலிருந்து காலியிடம் இல்லை என்று பதில் வந்தது. மற்றது வரவில்லை.

ஒரு நாள் மேலாளரிடம் அவனைப் பற்றிப் பேசினேன். என்ன சொல்லி அறிமுகம் செய்வது? அத்தை மகன் என்றேன். கவுண்டரில் இடமில்லை, கண்டக்டர் வேண்டுமானால் வரச் சொல் என்றார். கண்டக்டருக்கு விண்ணப்பக் கடிதம் கேட்பதில்லை. ஆளைப் பார்த்து, எண்ணத் தெரியுமா என்று கேட்டு எடுத்துக்கொள்வார்கள். அவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டான். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய கண்டக்டர் அந்தக் கம்பெனியில் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் அவனை 'கிளார்க்' என்று கேலி செய்வார்கள். அவன் அதற்கும் சிரிப்பான்.

நான் கவுண்டரிலிருந்து உள்ளே போனேன். தலைமை கிளார்க் ஆனேன். கண்டக்டர்களின் வேலை அட்டவணை என் மேசையில்தான் தயாராகும். நான் அவனுக்கு நல்ல தடங்களாகப் போட்டுக் கொடுப்பேன். நெரிசல் இல்லாதது, சாயங்காலத்தில் முடிவது. ஒரு முறை அவன் அலுவலகத்துக்கு வந்து, "எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. குவாவுக்கும் மத்தவங்க மாதிரியே போடு" என்றான். போட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் செமாபோக் பக்கம் குடிபோனேன். ஆனாலும் அப்பா அம்மாவைப் பார்க்க வாரத்துக்கு ஒரு முறை காஜா பேராங் வருவேன். பல வருடம் அந்த பஸ்ஸில் அவன்தான் கண்டக்டர். முன் சீட்டில் உட்காருவேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். பிள்ளைகள் படிப்பு, பந்தாட்டம், அவன் அம்மாவின் முட்டி வலி எல்லாம் பேசுவோம். ஒரு தடவை, "லு அன்னைக்கு எழுதிக் குடுத்த இங்கிலீஷ் நல்லா இருந்துச்சு, மகனுக்குக் காட்டுனேன்" என்றான். மை கொட்டிய அந்தத் தாளை அவன் எறியாமல் வைத்திருந்தான்.

அன்று சொல்லிவிட வேண்டுமென்று நினைத்தேன். உன் உறை அப்போது என் மேசையில்தான் இருந்தது, நீ சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாய், எனக்குச் சத்தம் கேட்டது. மூன்றே வாக்கியம். கடிதம் எழுதுகிறவனுக்கு மூன்று வாக்கியம் ஒன்றுமில்லை.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. கூடையோடு ஒரு பெண் ஏறினாள். அவன் குனிந்து கூடையை வாங்கி ஓரமாக வைத்து, அவளுக்கு டிக்கெட் கிழித்தான். என் நிறுத்தம் வந்ததும் மணியடித்தான். நான் இறங்கினேன்.

அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் எழுதியதில் அர்த்தமில்லை. அவன் அன்று ஆற்றோரத்தில் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எந்த நேரத்தில் கொடுத்தாய், யாரிடம் கொடுத்தாய், இரண்டும் ஒன்றாகத்தானே பதிவாகியிருக்கிறது என்று அலுவலகத்தில் விசாரித்திருக்கலாம். ஒரே ஒரு ஆளைக் கேட்டால் போதும், தெரிந்திருக்கும். கேட்கவில்லை. நான் சொன்னதை எடுத்துக்கொண்டு, அதை வைத்தே என்னை மன்னித்துவிட்டான். அந்த மன்னிப்பு எனக்கு ஒரு நாளும் உதவவில்லை. அவன் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் என்னைக் காட்டி, பழைய நண்பன், படித்தவன் என்றுதான் சொன்னான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவனுக்குக் கொடுத்தேன். இரண்டு சுளை சாப்பிட்டான். போதும் என்றான்.